குழந்தையின் சுவரில் மழைக்கால ஓவியம்: வரைந்து, பருவம் முடிந்ததும் கறையில்லாமல் கழுவி எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கழுவக்கூடிய பெயிண்டில் சுவர் ஓவியம் வரைபவர்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வரைந்தது அழகாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஈரத்துணியோடு போய் நின்றால் பச்சை போகும், மஞ்சள் போகும், சிவப்பு இருந்த இடத்தில் மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு நிழல் நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் அது அசையாது.

புட்டியில் "கழுவக்கூடியது" என்று போட்டிருப்பது பெரும்பாலும் கையையும் துணியையும் மனதில் வைத்துத்தான். சுவருக்கு அந்த வாக்குறுதி கிடையாது. உங்கள் சுவரில், உங்கள் கையில் இருக்கும் அந்த நிறம் போகுமா என்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்த வேலையில் வரிசை முக்கியம்: முதலில் அழித்துப் பார்ப்பது, அப்புறம்தான் வரைவது.

உதாரணத்துக்கு ஒரே ஓவியத்தை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தடி அகலம், நான்கடி உயரம். மேலே மூன்று மேகம், நடுவில் ஒரு குடை, சாய்வாக விழும் மழைத்துளிகள், கீழே தேங்கிய தண்ணீரில் இரண்டு தவளை. மழைக்காலத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போதுதான் இந்தப் பெயிண்ட் அதிகம் படுத்தும். மழையில் சமாளிக்கத் தெரிந்தால் வெயில் காலத்துப் பூவும் பனிக்காலத்து மரமும் சுலபம்.

## 1. சுவரைப் பாருங்கள், ஓவியத்தை அப்புறம் யோசிக்கலாம்

ஓவியம் போகுமா போகாதா என்பதில் பெயிண்டைவிடச் சுவருக்குத்தான் பங்கு அதிகம். சாட்டின், செமி கிளாஸ், எனாமல் போன்ற லேசான பளபளப்புள்ள பூச்சில் மேற்பரப்பு மூடியிருக்கும். நிறம் மேலேயே நிற்கும், துடைத்தால் வந்துவிடும். மேட் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. தண்ணீர் உள்ளே போகும், கூடவே நிறமும் போகும்.

உங்கள் சுவரில் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியாவிட்டால் மூன்று சோதனை போதும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய் மினுக்கினால் நல்லது. அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றாலோ கீழே வழிந்தாலோ சரி. அந்த இடம் இருண்டு சொட்டு காணாமல் போனால் சுவர் குடிக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, ஈரத்துணியால் நாலு முறை தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு மாதிரி ஏதாவது ஒட்டினால் அது சுண்ணாம்போ சாதாரண டிஸ்டெம்பரோதான். கடைசியில் ஓவியத்தைக் கழுவும்போது சுவரின் பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது சோதனையில் தோற்ற சுவரில் நேராக வரையவே வேண்டாம். இதில் தந்திரம் எதுவும் கிடையாது. அடர்த்தியான காகிதச் சுருளைச் சுவரில் பொருத்தி அதன்மேல் வரைந்துவிட்டு, பருவம் முடிந்ததும் காகிதத்தைக் கழற்றி எடுப்பதுதான் அங்கே வழி. "மேலே வார்னிஷ் அடித்துவிட்டு வரையலாமே" என்று சிலர் கேட்பார்கள். அடிக்கலாம், ஆனால் அந்த வார்னிஷ் நிரந்தரம். ஓவியம் போன பிறகும் ஐந்தடிக்கு நான்கடியில் ஒரு பளபளப்புக் கட்டம் சுவரில் நிற்கும்.

புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் பூச்சு உள்ளுக்குள் முழுதாக இறுகியிருக்காது. அந்த நிலையில் மேலே வைக்கும் நிறம் அதற்குள் சுலபமாக ஊறிவிடும். பொருமிய சுவர், ஈரக்கசிவு உள்ள வெளிப்புறச் சுவர் இரண்டும் வேண்டவே வேண்டாம். இந்த வகைப் பெயிண்டில் பசைக்காக மாவுச்சத்து போன்ற பொருள்கள் இருக்கும். ஈரம் கிடைத்தால் பூஞ்சணம் அதைத் தேடி வரும். பழைய வீட்டில் பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கும் சுவரும் வேண்டாம். அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுரண்டி, தேய்த்துத் தயார் செய்கிறேன் என்று குழந்தையின் அறையில் இறங்காதீர்கள்.

## 2. என்னென்ன வேண்டும்

கழுவக்கூடிய டெம்பரா அல்லது போஸ்டர் வகைப் பெயிண்ட். நச்சற்றது என்று லேபிளில் இருக்க வேண்டும். சாதாரண அக்ரிலிக் பெயிண்ட் பார்க்க இதே மாதிரி புட்டியில்தான் வரும். அது காய்ந்தால் பிளாஸ்டிக், தண்ணீரில் கரையாது. வாங்கும்போது இந்த ஒன்றை இரண்டு முறை படித்துவிடுங்கள்.

நம் ஓவியத்துக்கு வெள்ளை 250 மில்லி, மற்ற நிறங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லி எடுத்தால் மிச்சமே வரும். வெள்ளை அதிகமாக வேண்டியிருப்பது மேகத்துக்காக மட்டும் இல்லை. எல்லா நிறத்தையும் வெள்ளை கலந்து வெளிறவைத்துத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று, மெல்லிய பிரஷ் ஒன்று, நாலைந்து ஸ்பாஞ்சுத் துண்டுகள், நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம், வெள்ளைச் சாக்பீஸ், லேசாக ஒட்டும் மாஸ்கிங் டேப், தரையில் விரிக்கப் பழைய துணி. துணியை மட்டும் விரித்தால் சிந்தியது ஊறிக் கீழே போகும், அதனால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள். கழுவும் நாளுக்கு இரண்டு வாளியும் மென்மையான வெள்ளைத் துணிகளும் வேண்டும். வெள்ளை எதற்கென்றால், எவ்வளவு நிறம் வருகிறது என்று துணியில் தெரிய வேண்டும்.

பென்சில், கிரேயான், ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் எதுவும் இந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது. பென்சில் கோடு ஈரத்தில் இழுபட்டுச் சாம்பல் கறை ஆகும். கிரேயானில் மெழுகு. மார்க்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

## 3. ஒரு வாரச் சோதனை: இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

புதியவர்கள் சோதனை செய்வதில்லை என்று சொல்ல முடியாது. செய்கிறார்கள், ஆனால் பெயிண்டை வைத்துப் பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லாமே போகும். நிறம் சுவருக்குள் இறங்க நாள் பிடிக்கும். அதனால் சோதனையைக் குறைந்தது ஒரு வாரம் சுவரில் விட வேண்டும்.

அலமாரிக்குப் பின்னாலோ கதவு திறந்தால் மறையும் இடத்திலோ ஒரு கை அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். அது நீங்கள் வரையப் போகும் அதே பூச்சுள்ள சுவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் நாணய அளவில் இரண்டு பொட்டு வையுங்கள்: ஒன்று நேராகப் புட்டியிலிருந்து, இன்னொன்று வெள்ளையும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்தது. திரவத்தின் அளவு அடுத்த பகுதியில் இருக்கிறது. எது எந்த நிறம் என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய பிறகு நீலமும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, பிழிந்த ஈரத்துணியால் அழுத்தாமல் பத்துப் பதினைந்து முறை வட்டமாகத் துடையுங்கள். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரமான சுவர் எப்போதும் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தும் பாருங்கள்.

நம் ஓவியத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு சுவரில் மஞ்சள், வெளிர் பச்சை, வெளிர் நீலம், சாம்பல் நான்கும் முழுதாகப் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டியிலிருந்து வைத்த சிவப்பு ஒரு ரோஸ் வட்டத்தை விட்டது. வெள்ளை கலந்த சிவப்பும் மங்கலாக விட்டது. குழந்தை கேட்டதோ சிவப்புக் குடை. இங்கே குடையின் நிறத்தைத்தான் மாற்ற வேண்டும். "கொஞ்சமாகத்தானே பூசுகிறேன்" என்ற சமாதானம் உதவாது. நாணய அளவில் போகாதது குடை அளவில் எப்படிப் போகும்? மஞ்சள் குடை வரையலாம். சிவப்பே வேண்டும் என்று அடம்பிடித்தால் குடையை மட்டும் காகிதத்தில் வரைந்து, வெட்டி, கழற்றக்கூடிய ஒட்டுப்பசையால் ஒட்டிவிடலாம். குழந்தைக்குச் சிவப்புக் குடை கிடைத்துவிடும், சுவருக்கும் ஒன்றும் ஆகாது.

எல்லாச் சுவரிலும் சிவப்புதான் கறை விடும் என்று இல்லை. ஆனாலும் சந்தேகப்பட வேண்டிய வரிசை பெரும்பாலும் இதுதான்: சிவப்பு, அடர் ரோஸ், ஊதா, அடர் நீலம். இந்த நிறங்களுக்குச் சில தயாரிப்புகளில் தண்ணீரில் கரையும் சாயம் சேர்ப்பார்கள். தண்ணீர் எங்கே போகிறதோ சாயமும் அங்கே போகும். வெள்ளைக்கு நிறம் தருவது கரையாத நுண்துகள். அது மேலேயே உட்கார்ந்திருக்கும். கறுப்பிலும் துகள்தான், ஆனால் மிகமிக நுண்ணியது, மேட் சுவரின் துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். தவளைக்குக் கண்ணும் வாயும் வரைய நான் கறுப்பு எடுப்பதில்லை. பச்சையில் கொஞ்சம் பழுப்பு சேர்த்தால் வேண்டிய அளவு இருட்டு கிடைக்கும். அந்தக் கலவைக்கும் சோதனையில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

## 4. பெயிண்டைக் கலப்பது

நான்கு ஸ்பூன் பெயிண்டுக்கு ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். இந்தத் திரவம் பெயிண்டின் பிடிப்பைத் தளர்த்தி, பிறகு தண்ணீர் பட்டதும் கரைந்து வர உதவுகிறது. கண்ணாடி ஜன்னலில் தற்காலிகமாக வரைபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். திரவம் நிறமில்லாததாக இருக்கட்டும். பச்சைத் திரவத்தைச் சேர்த்துவிட்டு வெள்ளை மேகம் ஏன் பச்சையடிக்கிறது என்று தேட வேண்டாம்.

இன்னும் கூடச் சேர்த்தால் இன்னும் சுலபமாகப் போகுமே என்று தோன்றும். போகும், ஆனால் காயாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தொட்டால் ஒட்டும் நிலையிலேயே கிடக்கும். மழைக்காலத்தில் வழியவும் செய்யும். ஒரு ஸ்பூன் என்பது அதற்காகத்தான். காற்றில் ஈரம் மிக அதிகம் என்றால் அரை ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

தண்ணீர் சேர்க்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் அதிகமானால் பெயிண்ட் வழிவது மட்டும் இல்லை, நிறத்தைச் சுவருக்குள் தள்ளும் வாகனமும் அதுதான். பிரஷ்ஷில் எடுத்துச் செங்குத்தாகப் பிடித்தால் சொட்டாமல் நிற்க வேண்டும், சுவரில் இழுத்தால் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் இருந்தால் பதம் சரி. கலக்கும்போது அடித்துக் கலக்காதீர்கள். நுரை வந்தால் சுவரில் குமிழி காய்ந்து ஊசி குத்திய மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். கலந்துவிட்டுக் கால் மணி நேரம் ஓரமாக வையுங்கள், நுரை அடங்கிவிடும்.

## 5. எல்லையும் கோடும்

சுவரை முதலில் காய்ந்த துணியால் தூசி தட்டி, பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் பெயிண்ட் திரண்டு முத்து முத்தாக நிற்கும்.

அப்புறம் ஓவியத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் ஒரு சட்டம் ஒட்டுங்கள். ஓரம் நேராக வருவது அதில் கிடைக்கும் சின்ன லாபம். குழந்தைக்கு அது ஒரு வேலி என்பதுதான் பெரிய லாபம். டேப்புக்குள்ளே வரையலாம், வெளியே கூடாது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும். சட்டமே இல்லாமல் "சுவரில் வரையலாம்" என்று காட்டிக்கொடுத்தால், அடுத்த வாரம் வரவேற்பறையில் வேறு ஓவியம் கிளம்பும். டேப்பையும் மறைவான இடத்தில் ஒரு நாள் ஒட்டி எடுத்துப் பாருங்கள். பலவீனமான பூச்சாக இருந்தால் பெயிண்ட்டோடு சேர்ந்து வரும்.

சட்டத்தை எங்கே வைப்பது? மின் பிளக், சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளி. கடைசியில் ஈரத்துணியோடு அங்கேதான் வேலை செய்யப் போகிறீர்கள். கட்டிலை ஒட்டிய சுவர் என்றால் தலையணை உயரத்துக்கு மேலே தொடங்குங்கள். தூக்கத்தில் வியர்த்த கையோ ஈரத்தலையோ பட்டால் இந்தப் பெயிண்ட் கரையும். நேர் வெயில் விழும் இடத்தையும் தவிர்க்கலாம். சூடுபட்டுக் காய்ந்த பெயிண்ட் விரிசல் விட்டுப் பொடிப்பொடியாக உதிரும்.

வெள்ளைச் சாக்பீஸால் உருவங்களை லேசாக வரையுங்கள். வெள்ளைச் சுவரில் தெரியவில்லை என்றால் வெளிர் மஞ்சள் சாக்பீஸ். மேகத்தை முதலில், குடையை அடுத்து, தவளைகளைக் கடைசியில் போடுங்கள். மேலிருந்து கீழே வந்தால் கை வரைந்ததை அழிக்காது. சாக்பீஸ் தூசியை ஊதிவிட்டுப் பெயிண்டைத் தொடங்குங்கள். தூசியோடு பூசினால் அந்த இடம் சீக்கிரம் உரியும்.

## 6. பூசுவது: மெல்லியதாக, ஒரே இழுப்பில்

தடிமனாகப் பூசினால் விரிசல் விடும், காய நேரம் பிடிக்கும், ஈரம் நெடுநேரம் சுவரோடு ஒட்டியிருப்பதால் நிறமும் இறங்கும். சுவர் லேசாகத் தெரியும் அளவு மெல்லிய பூச்சுதான் இதில் நல்ல பூச்சு. சிறுவர் அறைக்கு அந்த வெளிறல் பொருத்தமாகவும் இருக்கும்.

இரண்டாவது பூச்சில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அக்ரிலிக்கில் முதல் பூச்சு காய்ந்தால் முடிந்தது, மேலே எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. இதில் அப்படி இல்லை. ஈரப் பிரஷ் பட்டதும் கீழே உள்ளது மறுபடி கரையும். மேகத்தின் மேல் மழைத்துளி வரையப் போனால் நீலமும் வெள்ளையும் குழம்பிச் சகதி ஆகிவிடும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்படி ஓவியத்தைத் திட்டமிடுங்கள். தவளையின் கண் போலத் தவிர்க்க முடியாத இடத்தில் கீழ்ப்பூச்சை ஒரு இரவு காயவிட்டு, கெட்டியான பெயிண்டை ஒரே தொடுதலில் வைத்துப் பிரஷ்ஷை எடுத்துவிடுங்கள். திரும்பத் தேய்க்கக் கூடாது.

மேகத்துக்குப் பிரஷ் வேண்டாம். ஸ்பாஞ்சுத் துண்டை வெள்ளையில் தோய்த்து, ஒரு தாளில் இரண்டு முறை ஒற்றி, பிறகு சுவரில் ஒற்றுங்கள். ஓரம் பஞ்சு பஞ்சாகத் தானே வரும். வெள்ளைச் சுவரில் வெள்ளை மேகம் தெரியாது என்பதால் அடிப்பக்கத்தில் சாம்பல் கலந்து ஒற்றினால் மழைமேகம் ஆகிவிடும். மழைத்துளிக்கு மெல்லிய பிரஷ்ஷால் சாய்வாக ஒரு விரல் நீளம். எல்லாத் துளியும் ஒரே பக்கம் சாய வேண்டும், அது ஒன்றுதான் விதி. கீழே தேங்கிய தண்ணீருக்கு வெளிர் நீலத்தில் கிடைமட்டமாக நாலைந்து இழுப்பு.

குழந்தைக்குக் கீழ்ப்பகுதியைக் கொடுங்கள். தவளைகளைச் சுற்றித் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஸ்பாஞ்சால் ஒற்றச் சொல்லலாம். ஒற்றினால் அழுத்தித் தேய்க்க முடியாது, பெயிண்டும் அதிகம் ஏறாது. ஒரு நேரத்தில் ஒரு கிண்ணம் மட்டும், அதுவும் சோதனையில் தேறிய நிறம். குழந்தை தடிமனாக அப்பிய இடம் இருந்தால் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஓரத்துப் பெயிண்ட் முழுதாகக் காய்வதற்கு முன் டேப்பைச் சுவரை ஒட்டி மடித்து மெதுவாக இழுத்து எடுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் செதில் செதிலாகப் பிய்ந்து வரும். எல்லைக்காகத் திரும்ப ஒரு புது டேப்பை வெளிப்பக்கமாக ஒட்டிக்கொள்ளலாம்.

மேலே வார்னிஷோ, ஹேர் ஸ்ப்ரேயோ, வேறு எந்தப் பாதுகாப்புப் பூச்சோ அடிக்காதீர்கள். நிறம் உதிராமல் இருக்க என்று யாராவது சொல்வார்கள். அதை அடித்த நிமிடத்தில் அந்த ஓவியத்தைத் தண்ணீரால் கழுவி எடுக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

## 7. சுவரில் இருக்கும் நாட்களில்: சாட்சிப் பொட்டுகள்

ஓவியம் வரைந்த அன்றே, சோதனை செய்த மறைவான இடத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நிறத்திலும் நான்கு பொட்டு வைத்துவிடுங்கள். அதே கலவை, அதே தடிமன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பொட்டை மட்டும் துடைத்துப் பாருங்கள்.

ஒரு வாரச் சோதனை சொல்லாததை இது சொல்லும். இரண்டாம் வாரத்தில் பத்துத் துடைப்பில் போன நீலம், ஆறாம் வாரத்தில் முப்பது துடைப்பு கேட்டால் அது இறங்கத் தொடங்கிவிட்டது. பருவம் முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்று பார்க்காமல் அந்த வாரமே நீலத்தை எடுத்துவிடுங்கள். மேகமும் குடையும் தவளையும் இருக்கட்டும், மழைத்துளியும் தேங்கிய தண்ணீரும் மட்டும் போகட்டும். பொட்டெல்லாம் லேசாகப் போய்க்கொண்டிருந்தாலும் எட்டு வாரத்துக்கு மேல் நான் நீட்டுவதில்லை.

இடையில் மழை வலுத்து அறையில் ஈரம் ஏறினால் புறங்கையால் ஓவியத்தைத் தொட்டுப் பாருங்கள். லேசாக ஒட்டினால் மின்விசிறியைப் போட்டு, ஜன்னல் வழியாக ஈரக்காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்க வேண்டாம், ஒட்டும் நிலையில் துடைத்தால் நிறம் இழுபடும். தூசி படிந்தால் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். கருப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அன்றே ஓவியத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

## 8. அழிப்பது: முதலில் காய்ந்தபடி, பிறகு ஈரமாக, கீழிருந்து மேலே

காற்று காய்ந்திருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் பிளக் இருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள், வழிவதை அது குடித்துக்கொள்ளும்.

எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றுவது பெரிய தப்பு. மேலே இருக்கும் அத்தனை நிறத்தையும் கரைத்துச் சுவருக்கு ஊட்டுவதற்குச் சமம் அது. முதலில் காய்ந்த மென்மையான பிரஷ்ஷாலும் துணியாலும் தேய்த்து உதிர்வதை உதிருங்கள். குழந்தை அப்பிய தடிமனான இடங்களில் பழைய பிளாஸ்டிக் அட்டையைப் படுக்கவைத்து மெதுவாகத் தள்ளினால் செதிலாக வரும். உலோகம் வேண்டாம். தூசியை வேக்வம் கிளீனரால் எடுத்துவிட்டால் வேலை பாதி குறையும். அது இல்லையென்றால், குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

இனி இரண்டு வாளி. ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவமும், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, ஓவியத்தின் அடியிலிருந்து தொடங்குங்கள். தவளை முதலில், மேகம் கடைசியில்.

மேலிருந்து தொடங்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மேலே தொடங்கினால் நிறத் தண்ணீர் கீழே காய்ந்த சுவரில் கோடு கோடாக வழிந்து இறங்கும். காய்ந்த சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும், அந்தக் கோடுகள் ஓவியத்தைவிடப் பிடிவாதமானவை. கீழே ஏற்கெனவே துடைத்து ஈரமாக இருந்தால் வழிந்தது மேலோட்டமாகவே நிற்கும், ஒரு துடைப்பில் போய்விடும்.

இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சோப்புத் துணியால் வட்டமாகத் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிய துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. மூன்றும் முடிந்த பிறகுதான் அடுத்த சதுரம். துணியின் மடிப்பை அடிக்கடி மாற்றுங்கள். நீலம் ஏறிய மடிப்பால் மஞ்சளைத் துடைத்தால் சுவரெங்கும் பச்சை பரவும். வாளித் தண்ணீர் நிறம் மாறியதும் கொட்டிவிட்டுப் புதிது எடுங்கள்.

அழுத்தித் தேய்க்கும் ஆசையை அடக்குங்கள். மெலமைன் ஸ்பாஞ்ச் என்று வரும் வெள்ளைக் கட்டி கறையை எடுப்பது உண்மைதான். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. சாட்டின் சுவரில் கறை போன இடத்தில் பளபளப்பும் போய், ஓரமாகப் பார்த்தால் மங்கிய திட்டாகத் தெரியும்.

## 9. நிழல் தங்கிவிட்டால்

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் பயமுறுத்திய நிழல் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். மிச்சம் இருந்தால் அதே சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் இரண்டு நிமிடம் ஒற்றிப் பிடித்து, பிறகு துடையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தும் துணியில் நிறம் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். நிறம் சுவருக்குள் இருக்கிறது, மேற்கொண்டு தேய்த்தால் சுவர்தான் தேயும். ப்ளீச் தெளிக்க நினைக்காதீர்கள். சுவரின் சொந்த நிறம் வெளுத்துப்போகலாம், குழந்தை தூங்கும் அறையில் அந்த நெடியும் வேண்டாம்.

அப்படிப்பட்ட இடத்தில் சுவர் பெயிண்டை நேராக அடித்தாலும் பிரயோசனம் இல்லை. தண்ணீர் கலந்த எமல்ஷனை அடித்ததும் அதன் ஈரத்தில் சாயம் மறுபடி மேலே ஏறி வந்து நிற்கும். சோப்புப் படலம் மிச்சம் இருந்தால் புதுப் பெயிண்ட் சரியாக ஒட்டாது. வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறையை மேலே வரவிடாமல் தடுக்கும் ஸ்டெயின் பிளாக்கிங் பிரைமரை ஒரு பூச்சு அடித்து, அதன்மேல் சுவர் பெயிண்டை அடியுங்கள்.

கறையே இல்லாமல் போனாலும் சில சுவர்களில் ஓவியம் இருந்த இடம் ஒரு கட்டமாகத் தெரியும். அது பெரும்பாலும் கறை கிடையாது. அந்த இருபது சதுரடி மட்டும் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டிருக்கிறது, சுற்றிலும் பழைய தூசி அப்படியே இருக்கிறது. மூலையிலிருந்து மூலை வரை சுவர் முழுவதையும் அதே இரண்டு வாளி முறையில் ஒருமுறை துடைத்துவிட்டால் கட்டம் மறைந்துவிடும். அடுத்த பருவத்துக்கு அதே இடத்தில் வரைவதாக இருந்தால் சுவரை ஒரு வாரம் காயவிடுங்கள். புதுப் புட்டி வாங்கினால், அதே தயாரிப்பு, அதே நிறமாக இருந்தாலும், மூன்றாம் பகுதியில் சொன்ன ஒரு வாரச் சோதனையை மறுபடி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.